எங்கள் வீட்டில் மூன்று பேர் சும்மா இருந்தார்கள்

அந்த வருஷம் ஆனிச் சாரல் விட்டபாடில்லை. காய்ச்சலென்று அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு உள்ளறையில் படுத்திருந்தேன். மின் கணக்கெடுக்க வந்தவர் குடையை மடக்கியபடி கூடத்துக்குள் எட்டிப் பார்த்தது கதவிடுக்கு வழியாகத் தெரிந்தது. என் கணவர் சத்தத்தைக் குறைத்து வைத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அக்கா மகள் போனும் கையுமாகச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

“என்ன, இன்னைக்கு எல்லாருக்கும் லீவா?” என்றார் அவர்.

“எங்களுக்கு என்னைக்கும் லீவுதான் அண்ணாச்சி,” என்றார் என் கணவர்.

“மூணு பேருமா சும்மா இருக்கீங்க? தங்கச்சி வேலைவாய்ப்பு ஆபீஸ்லல்லா இருக்காவ! ஊருக்கெல்லாம் வேலைக்கு வழி சொல்லுதாவ, வீட்டுக்கு ஒண்ணு பாத்துக் குடுக்கப்பிடாதா?”

தீங்கில்லாத மனிதர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

தென்காசி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நான் ஒப்பந்த ஊழியர். வேலை தேடி வருகிறவர்களிடம் பேசி, என்ன படிப்பு, என்ன அனுபவம், எங்கே விண்ணப்பிக்கலாம் என்று வழி சொல்வது என் பொறுப்பு. வேலைவாய்ப்பு முகாம் நடத்தும்போது கம்பெனிக்காரர்களை வரவழைத்து, மைக்கில் அறிவிப்புக் கொடுப்பதும் நான்தான். இதுபோக, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அங்கேயே நடக்கும் இலவசப் பயிற்சியில் பொருளாதாரம் எடுப்பேன். எம்.ஏ. பொருளாதாரம் படித்ததற்கு எனக்குக் கிடைத்த பயன் அவ்வளவுதான். வேலையின்மை என்ற பாடத்தை வருஷந்தோறும் நடத்துகிறேன். பிறழ்ச்சி வேலையின்மை, அமைப்புசார் வேலையின்மை, சுழற்சி வேலையின்மை என்று பலகையில் எழுதி ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்வேன். உதாரணம் தேடி நான் எங்கேயும் போக வேண்டியதில்லை என்று ஆகும் நாள் வருமென்று நினைத்ததில்லை.

முதலில் திரும்பி வந்தவர் என் கணவர். வளைகுடாவில் டவர் கிரேன் ஓட்டியவர். ஐம்பது மாடி உயரத்தில் சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, கீழே ஒருவன் வாக்கி டாக்கியில் சொல்வதைக் கேட்டுக் கம்பிக்கட்டுகளையும் கான்கிரீட் வாளிகளையும் தூக்கி வைக்கிற வேலை. எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கேதான். இலஞ்சியில் நாங்கள் கட்டிய வீடு அந்தக் கண்ணாடி அறையிலிருந்து வந்தது.

எண்ணெய் விலை இறங்குகிறது என்று செய்தியில் சொன்னபோது நான் அதை வகுப்பில் சொல்வதற்கான விஷயமாகத்தான் கேட்டுக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து அவர் போனில், “புதுசா மாடி ஏத்த வேண்டாம்னு சொல்லிட்டாவ. பணம் வரலியாம். இருக்கதை மட்டும் முடிக்கணுமாம்,” என்றார். அப்புறம் ஓவர்டைம் நின்றது. அப்புறம் ஒருநாள் தொழிலாளர் தங்கும் முகாமில் இருந்த அத்தனை பேரையும் வரிசையாகக் கூப்பிட்டு, டிக்கெட் தயார் என்றார்கள்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவரை அழைக்கப் போயிருந்தேன். செங்கோட்டை வழியாகத் திரும்பி வரும்போது, மலை இறக்கத்தில், “நீங்க எதும் தப்புப் பண்ணுனீங்களா? யார்கிட்டயும் சண்டை கிண்டை?” என்று கேட்டேன்.

“நான் என்னட்டி தப்புப் பண்ண? நல்லா ஓட்டுனவன், ஓட்டத் தெரியாதவன், நேத்து வந்தவன், இருவது வருசம் இருந்தவன், எல்லாரையுந்தான் அனுப்புனான். கிரேனையே நிறுத்திட்டான். கொக்கியைக் கட்டி வச்சிட்டான்.” பிறகு, “திரும்ப ஆரம்பிக்கும்போது கூப்பிடுதேன்னு போர்மேன் சொல்லியிருக்கான்,” என்றார்.

இதுதான் சுழற்சி. ஆளிடம் குறை இல்லை, அவன் கற்ற தொழிலிலும் குறை இல்லை. வாங்குகிறவன் கை சுருங்கிவிட்டது. நாளைக்கு அது விரிந்தால் இதே தொழிலுக்கு இதே ஆட்கள் வேண்டியிருக்கும். எனக்கு அது தெரிந்திருந்ததால், மற்ற மனைவிமார்களைவிடக் கொஞ்சம் தைரியமாகவே இருந்தேன்.

அக்காவுடையது வேறு. அது ஒரேநாளில் வரவில்லை. அத்தான் இறந்த பிறகு மகளை வளர்க்க அவள் பிடித்துக்கொண்ட வேலை, தென்காசியில் ஒரு மாடி அலுவலகத்தில் மருத்துவக் குறிப்பு தட்டச்சு. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்ததைக் காதில் கேட்டு, எழுத்தாக அடித்துக் கொடுக்க வேண்டும். காலடியில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் குரல் ஓடும், விட்டால் நிற்கும். பதினெட்டு வருஷம் அவள் அந்தப் பெடலை மிதித்தாள்.

கடைசி நாலைந்து வருஷத்தில், குரலைக் கேட்டு மென்பொருளே அடித்து அனுப்ப ஆரம்பித்தது. அக்காவும் மற்றவர்களும் அதில் பிழை திருத்தினார்கள். கூலி பாதியானது. அப்புறம் பிழையும் குறைந்தது. பிறகு டாக்டர் தனியாகப் பேசிப் பதிவு செய்யவே வேண்டாம், நோயாளியோடு பேசுவதைக் கேட்டுத் தானே குறிப்பு எழுதிக்கொள்கிற கருவி வந்துவிட்டது. அந்த அலுவலகத்தின் முதலாளி நல்லவர். எல்லாரையும் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, “இனிமே இது வராதும்மா,” என்று அழுதாராம்.

அக்கா வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்று, “உன் வீட்டுக்காரருக்காவது திரும்பக் கூப்பிடுவாங்கன்னு இருக்கு,” என்றாள். “என்னைய யாரு கூப்பிடுவா? அங்கன டாக்டருக்கும் குறைச்சல் இல்ல, நோயாளிக்கும் குறைச்சல் இல்ல. வேலை நல்லாத்தான் நடக்குது. நான் இல்லாம நடக்குது.”

பாடப் புத்தகத்தில் அமைப்புசார் வேலையின்மை என்பதற்கு அரைப்பக்கம் விளக்கம் உண்டு. அக்கா சொன்னதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

மூன்றாவது அக்கா மகள். லேப் டெக்னீஷியன் படித்தவள். தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்தாள். சம்பளம் ஏறவில்லை, புதிய கருவியில் பழக விடவில்லை என்று தானாகவே விட்டுவிட்டாள். அம்மாவுக்கு வேலை போன அதே பருவத்தில் மகள் வேலையை விட்டது வீட்டில் பெரிய ரகளையானது.

அவளுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. சுரண்டையில் ஒரு மருத்துவமனை கூப்பிட்டது. கடையநல்லூரில் ஒரு லேப் கூப்பிட்டது. இரண்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாமென்று வந்தாள். இரண்டாவது முறை அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

“கிடைச்ச வேலைய வேண்டாம்ங்குதியே, உனக்கு எம்புட்டுக் கொழுப்பு இருக்கும்? இங்கன ஒருத்தி வேலைக்கு நாயா அலையுதேன்!”

“அம்மா, அங்க முழுக்க நைட் டூட்டி. பழைய மெசின். திருநெல்வேலியில ரெண்டு இடத்துல கேட்டிருக்கேன். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கேனே.”

“பொறுக்கியளோ? யாரு சோத்துல பொறுக்கிய?”

அந்தச் சொல் எங்கள் எல்லார் மேலும் விழுந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் டிவியை நிறுத்திவிட்டு வெளியே போனார்.

நான் அக்காவை அடுக்களைக்குள் இழுத்துப் போனேன். “அவளைத் தேட விடு. அவசரப்பட்டு ஒண்ணுல சேந்தா ஆறு மாசத்துல திரும்பவும் நிப்பா. அவளுக்கு வேலை இருக்கு, வேலைக்கும் அவ வேணும். ஒண்ணையொண்ணு கண்டுபிடிக்க நாளாவுது, அவ்வளவுதான். அதுக்குப் பேரு பிறழ்ச்சி…”

“பேரு வச்சிருக்கியளோ அதுக்கும்?” என்றாள் அக்கா. “எனக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?”

நான் வடிய வைத்திருந்த சோற்றுப்பானையை நிமிர்த்தி வைத்தேன்.

என் கணவர் சும்மா இருக்க நினைத்தவரில்லை. கிரேன் ஓட்டினவருக்கு ஜேசிபி பழகுவது பெரிய காரியமா என்று, குத்துக்கல்வலசைப் பக்கம் ஒரு ஜேசிபி முதலாளியிடம் போய்க் கேட்டார். நானும் ஸ்கூட்டியில் கூடப் போனேன். மழையில் நனைந்தபடி இரண்டு வண்டிகள் தார்ப்பாய்கூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தன.

“அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய,” என்றார் முதலாளி. “எனக்கே ரெண்டு டிரைவரு வீட்டுல இருக்கான். வாரத்துல ரெண்டு நாளு ஓடுனா பெருசு. யாரு வீடு கட்டுதா? பாதி வீடு சவூதிக் காசுலயும் துபாய்க் காசுலயும் எழும்புனது. உங்களை மாதிரி ஆளுங்க எல்லாம் திரும்பி வந்தாச்சு. பின்ன எவன் அஸ்திவாரம் தோண்டச் சொல்லுவான்?”

திரும்பி வரும் வழியில் அதைக் கண்ணால் பார்த்தேன். இலஞ்சி வரைக்கும் வழிநெடுகப் பாதியில் நின்ற வீடுகள். முதல் மாடிக்கென்று விட்ட கம்பிகள் துருவேறி நீட்டிக்கொண்டிருந்தன. டைல்ஸ் கடையில் வேலை பார்த்த எங்கள் தெருவைச் சேர்ந்த பெண்ணை ‘அப்புறம் கூப்பிடுறோம்’ என்று அனுப்பியிருந்தார்கள். கொத்தனார் ஒருவர் சைக்கிளில் காய்கறி விற்றுக்கொண்டு போனார். அங்கே கடல் தாண்டி நின்ற கிரேன் இங்கே ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டு வந்தது. ஒருவன் செலவுதான் இன்னொருவன் சம்பளம் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

வண்டியை நிறுத்தி ஒரு டீ குடித்தோம். டீக்கடைக்காரர் ஆறுதல் சொன்னார்: “குத்தாலத்துச் சீசன் மாதிரிதான் அண்ணாச்சி. போவும், வரும்.”

“சாரல் ஆனி ஆடியில வரும்னு பச்சப்பிள்ளைக்கும் தெரியும்,” என்றார் என் கணவர். “கடைக்காரன் அதுக்குத் தக்கன சரக்கு எடுப்பான், ஆள் வைப்பான். இது எந்த மாசத்துல வரும்? சொல்லுங்க, காத்திருக்கேன்.”

டீக்கடைக்காரர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புரட்டாசியில் எங்கள் அலுவலகம் ஒரு கல்லூரி வளாகத்தில் பெரிய வேலைவாய்ப்பு முகாம் நடத்தியது. காலையிலேயே கூட்டம் அலைமோதியது. திருவேங்கடம், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்திருந்தார்கள். நான் மேடையிலிருந்து, எந்த அறையில் எந்தக் கம்பெனி என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். சேலையை நன்றாகக் கட்டி, நெற்றியில் திருநீறு வைத்து, கையில் பிளாஸ்டிக் உறையோடு அக்கா ஒரு வரிசையில் நிற்பதைப் பார்த்தேன். வருவதாக என்னிடம் சொல்லவில்லை. சுற்றி நின்றவர்களெல்லாம் அவள் மகள் வயது.

அவள் நின்றது மருத்துவமனைகளின் இன்சூரன்ஸ் கணக்குக்குக் குறியீடு போடும் கம்பெனியின் வரிசை. நோய்ப் பெயரும் மருந்துப் பெயரும் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் அந்த வேலை செய்யலாம் என்று அவளுக்கு நான்தான் ஒருமுறை சொல்லியிருந்தேன். மைக்கை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு அந்த அறை வாசலுக்குப் போய் நின்றேன்.

நேர்காணல் செய்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். “உங்களுக்கு சப்ஜெக்ட் நல்லாத் தெரியுது மேடம். ஆனா நாங்க பிரெஷர்ஸைத்தான் எடுக்குறோம். சான்றிதழ்த் தேர்வு ஒண்ணு பாஸ் பண்ணணும். போஸ்டிங் சென்னையில. நைட் ஷிப்ட்.”

“தேர்வு எழுதுதேன். சென்னைக்கும் வாரேன்.”

“உங்க வயசு…” என்று இழுத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, “உண்மையைச் சொல்லணும்னா மேடம், இதுலயும் இப்ப சாப்ட்வேர் வந்துட்டு இருக்கு. நீங்க பணம் கட்டிப் படிச்சு வர்றதுக்குள்ள எப்படி இருக்கும்னு எனக்கே தெரியல,” என்றான்.

அக்கா நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள்.

அன்று சாயங்காலம் வரை எத்தனையோ இடங்கள் நிரம்பாமல் கிடந்தன. திருப்பூரில் தையல் ஆப்பரேட்டர் வேண்டும், ஓசூரில் சிஎன்சி மெஷின் ஓட்ட ஆள் வேண்டும், ஹோம் நர்ஸ் வேண்டும். ஒரு கம்பெனிக்காரர் என்னிடம், “உங்க ஊர்ல ஆளே கிடைக்கலையே மேடம்,” என்று குறைப்பட்டுக்கொண்டார். மைதானத்தில் ஆட்கள் வேலை கிடைக்காமல் சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆளும் இருந்தது, வேலையும் இருந்தது. இவர்களிடம் இருந்தது அவர்களுக்கு வேண்டாம். அவர்கள் கேட்டது இவர்களிடம் இல்லை.

எங்கள் அலுவலர் அம்மா நாற்காலியில் சாய்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். நல்ல மனுஷி. “யோசிச்சுப் பாரு,” என்றார். “நம்மகிட்ட இருக்க மருந்து ஒண்ணுதான். ஆளையும் வேலையையும் ஒரே இடத்துல கொண்டாந்து காட்டுதோம். தேடுத நாளைக் குறைக்கோம். ரெண்டும் எங்கேயோ இருந்தா அது பலிக்கும். வேலையே இல்லேன்னா நாம என்னத்தைக் காட்ட?”

“எங்க அக்கா வந்திருந்தா மேடம்.”

“பாத்தேன்,” என்றார். செருப்பைத் தேடிக் கால்களை நுழைத்துக்கொண்டார்.

அந்த முகாமில் பலித்தது அக்கா மகளுக்குத்தான். திருநெல்வேலியில் அவள் கேட்டு வைத்திருந்த மருத்துவமனைகளில் ஒன்றே அங்கு அறை போட்டிருந்தது. பத்து நிமிஷம் பேசினார்கள், அடுத்த திங்கள்கிழமை சேரச் சொன்னார்கள். புதிய கருவி, பகல் வேலை, முன்னதைவிட நல்ல சம்பளம். அவள் பொறுத்தது சரிதான் என்று ஆயிற்று. விடுதிக்குத் துணிமணி எடுத்து வைத்தபோது அக்கா அவளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை சீவிவிட்டாள். மகள் போகும்போது என்னிடம், “சித்தி, அம்மாவைப் பார்த்துக்கோங்க. நான் வேலையில்லாம இருந்தப்ப எனக்கு ஒண்ணும் தெரியல. எனக்குக் கிடைச்சதுக்கு அப்புறம்தான் பயமா இருக்கு,” என்றாள்.

அடுத்த சீசனுக்கு அக்கா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலைக்குப் போனாள். ஐந்தருவி போகும் வழியில் இருந்தது. அறைகளில் ஈரத் துண்டுகளையும் படுக்கை விரிப்புகளையும் மாற்றி மடிக்கிற வேலை. அருவியில் குளித்துவிட்டு எண்ணெய்ப் பிசுக்கோடு வருகிறவர்கள் படுத்தெழுந்த விரிப்புகள். அவளுக்கு அது கேவலமில்லை. இடுப்பு வலியைத் தவிர வேறெதையும் குறையாகச் சொல்லவில்லை. ஒருமுறை அவளைப் பார்க்கப் போனபோது, மாடிப்படிக்கு அடியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தரையில் வலது கால் பெருவிரலை அழுத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

சாரல் நின்றது, அருவி மெலிந்தது, லாட்ஜில் ஆட்களைக் குறைத்தார்கள். அது எல்லாருக்கும் தெரிந்தே நடப்பது. அடுத்த ஆனிக்கு வாங்க என்றார்கள். அக்கா போகவில்லை. வேறு எங்கும் கேட்கவும் இல்லை. நான் வீட்டுக்குக் கொண்டுவரும் விளம்பரங்களை முதலில் வாங்கிப் பார்ப்பாள். பிறகு வாங்கி வைப்பாள். பிறகு, “அங்கன வை,” என்பாள்.

ஒருநாள் கேட்டேன். “ஏன்க்கா, தேடுததையே விட்டுட்டியா?”

“தேடுனா கிடைக்கலைங்கது மட்டுந்தான் புதுசு புதுசா கிடைக்குது.”

வகுப்பில் நான் சொல்லும் இன்னொரு வரி உண்டு. வேலை இல்லாமல், வேலை தேடிக்கொண்டும் இருப்பவர்தான் வேலையற்றோர் கணக்கில் வருவார். தேடுவதை விட்டவர் கணக்கில் வருவதில்லை. அந்த வாரம் பயிற்சி வகுப்பில் அதைச் சொல்லும்போது, முன்வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். “அப்ப மேடம், நிறையப் பேர் நம்பிக்கை இழந்துட்டா வேலையின்மை குறைஞ்ச மாதிரி தெரியுமா?”

“தெரியும்,” என்றேன். தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே வந்து வராந்தாவில் நின்றேன்.

எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. அது என் கணவரைப் பற்றியது. அவர் வந்து மூன்றாவது வருஷம், அங்கே மறுபடியும் கட்டுகிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் தெருவிலேயே இரண்டு பையன்கள் விசா வாங்கிப் போனார்கள். பாதியில் நின்ற வீடு ஒன்றில் கொத்தனார் சத்தம் கேட்டது. பிறகு சென்னை ஏஜென்சியிலிருந்து இவருக்கே போன் வந்தது. டவர் கிரேன் ஆப்பரேட்டர் உடனே வேண்டுமாம்; ஓட்டிக் காட்டும் தேர்வு ஒன்று இருக்கிறது, வாருங்கள் என்றார்கள். நான் கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன். அவர் முகம் மழித்து, பழைய பாதுகாப்புக் காலணியைத் துடைத்து வைத்தார். நானும் கூடவே சென்னைக்குப் போனேன்.

ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் கிரேன் நின்றது. தரையில் சுண்ணாம்பால் கட்டம் போட்டிருந்தார்கள். சுமையைத் தூக்கி, ஒரு தடுப்பைத் தாண்டிக் கொண்டுபோய், ஆடாமல் அந்தக் கட்டத்துக்குள் இறக்க வேண்டும். தகரக் கூரைக்கு அடியில் மற்றவர்களோடு நான் உட்கார்ந்திருந்தேன். அவர் ஏணியில் ஏறினார். பாதியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார்.

சுமை எழுந்தது. திரும்பியது. நிறுத்தும்போது ஆடத் தொடங்கியது. ஆட்டத்தை அடக்க அவர் கையைத் திருப்ப, அது இன்னும் பெரிதாக ஆடியது. கீழே நின்றவன் விசில் ஊதினான். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது வாய்ப்பை அவர் கேட்கவில்லை; தானே இறங்கி வந்தார்.

மேஜையில் இருந்தவர் முகம் பார்க்காமல் பேசினார். “கடைசி ரெண்டு வருசத்துல ஓட்டுன அனுபவம் இருக்கணும் சார், கம்பெனி கேக்குது. உங்க லைசென்சும் முடிஞ்சு போச்சு. மெடிக்கல்ல சுகர் ஜாஸ்தி வந்திருக்கு. நாப்பதுக்குக் கீழதான் பார்க்குறாங்க.”

“நீங்கதான சார் வேலை இல்லேன்னு அனுப்புனீங்க?” என்றார் என் கணவர். “வேலை இல்லாதப்ப எங்க போயி ஓட்டுவேன்? வீட்டு மொட்டைமாடியிலயா?”

“நான் அனுப்பல சார். அடுத்த ஆள் வாங்க.”

திரும்பும் ரயிலில் அவர் தூங்குவதுபோலக் கண்ணை மூடியிருந்தார். நான் விழித்துக்கொண்டு வந்தேன். சுழற்சி என்றால் திரும்பி வரும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். திரும்பித்தான் வந்தது. ஆனால் காத்திருந்த நாட்களில் ஆள் மாறிப்போனான். கை மறந்தது, உடம்பு கெட்டது, வயசு ஏறியது. போகும்போது இல்லாத குறைகளெல்லாம் சும்மா இருந்ததில் வந்து சேர்ந்தன. இப்போது அவருக்கும் அக்காவுக்கும் வித்தியாசம் இல்லை. வேலை எங்கேயோ நடக்கிறது. அவர் இல்லாமல் நடக்கிறது.

இப்போது அவர் குற்றாலத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலுக்கு இருக்கிறார். சீசனுக்கு மட்டும் சொந்தக்காரர்கள் வந்து தங்கும் இடம். மற்ற மாதங்களில் காலியாகக் கிடக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வருகிற வண்டிக்குக் கதவைத் திறக்க வேண்டும். வேலை இருக்கிறதே என்று ஊரார் சொல்கிறார்கள். கணக்கிலும் அவர் வேலையில் இருப்பவர்தான்.

அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். மகள் பணம் அனுப்புகிறாள். அந்த மருத்துவமனையை விட்டுவிட்டு மதுரையில் இன்னும் நல்ல இடம் பார்த்துக்கொண்டிருப்பதாகப் போனில் சொன்னாள். அக்கா இந்த முறை திட்டவில்லை. “சரிட்டி,” என்று மட்டும் சொல்லிப் போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். அவர் கைகழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். இந்தி கலந்த தமிழில் ஒரு பெண்: “சார், டவர் கிரேன் ஆப்பரேட்டர்தானே? அர்ஜெண்ட் ரிக்வயர்மெண்ட் இருக்கு சார்.” இன்னொரு ஏஜென்சி போலிருக்கிறது, எங்கிருந்தோ பழைய நம்பர் கிடைத்திருக்கிறது.

அவர் ஈரக்கையோடு போனை வாங்கினார்.

“ராங் நம்பர்மா,” என்றார்.

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். குழம்பில் உப்புக் குறைவென்று சொன்னார். நான் உப்பு எடுத்து வரவில்லை என்றேன்.